புளி எப்போது விழ வேண்டும்? சாம்பாரில் காய் வேகும் கணக்கு

மே மாதத்தில் ஒரு ராத்திரி 8.30 மணிக்கு அண்ணன் மகளிடமிருந்து போன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இரண்டு தோழிகளோடு வீடு எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவள் அவள்.

“அத்தை, சாம்பார் முக்கால் மணி நேரமா கொதிக்குது. முருங்கைக்காய் இன்னும் குச்சி மாதிரியே இருக்கு. பலாக்கொட்டை கல்லு. காய் முத்தலா, இல்ல கேஸ்தான் சரியில்லையா?”

“புளி எப்போ ஊத்தின?”

“முதல்லயே. பச்சை வாசனை போக நல்லா கொதிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

நான் சொன்னது நிஜம்தான். ஆனால் அது மீன் குழம்புக்குச் சொன்னது. கடலூரில் வளர்ந்த பெண் பிள்ளைகள் பலரும் முதலில் கற்றுக்கொள்ளும் குழம்பு அது. புளியைக் கரைத்து ஊற்றி, மிளகாய்த்தூள் போட்டு, எண்ணெய் மேலே மிதக்கிற வரை கொதிக்கவிட்டுக் கடைசியில் மீனைப் போடுவோம். மீனுக்கு அந்த வரிசை சரி. புளிப்பில் போட்டாலும் அது ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். காய் அப்படியில்லை. அதே வரிசையைச் சாம்பாருக்குக் கொண்டுவந்தால் அன்றைக்கு அவளுக்கு நடந்ததுதான் நடக்கும்.

காயை விறைப்பாக நிறுத்திவைப்பது பெக்டின் என்ற ஒரு பொருள். காயின் நுண்ணறைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கிற கோந்து என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் இந்தக் கோந்து மெல்ல மெல்லக் கரைகிறது, அறைகள் விலகுகின்றன, காய் மெத்தென்று ஆகிறது. வேகுதல் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. புளிப்பான தண்ணீரில் பெக்டின் லேசில் கரையாது. தீயைக் கூட்டினாலும் பெரிய பயனில்லை, தண்ணீர் வற்றுமே தவிர காய் அசையாது. மாங்காய் ஊறுகாயில் துண்டுகள் மாதக் கணக்கில் குழையாமல் இருப்பதற்கு உப்போடு அந்தப் புளிப்பும் ஒரு காரணம்.

ஆகவே புளி என்பது வேகுதலுக்குப் போடுகிற பிரேக். வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் போது போட்டால் மெதுவாகும், கிளம்பும் முன்பே போட்டால் வண்டி நகராது. சாம்பாரில் நமக்கு இந்த பிரேக் வேண்டும். முருங்கைக்காய் தோலோடு நிற்கவும், பரங்கிக்காய் கரைந்து போகாமல் இருக்கவும் புளிதான் துணை. எப்போது மிதிப்பது என்பது மட்டும்தான் கேள்வி. என் பதில்: காய் முக்கால் பதம் வெந்தபோது.

துவரம்பருப்புக்கும் இதே சங்கதிதான். புளித் தண்ணீரில் பருப்பைப் போட்டால் அது நாளெல்லாம் முழித்துக்கொண்டு கிடக்கும். பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்த பிறகே மற்றதெல்லாம் என்று பாட்டிமார் வைத்த வரிசைக்குக் காரணம் இது. கடலோரத் தெருக்களில் இன்னொரு தொல்லை உண்டு. போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருந்தால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அந்தக் கோந்தை இன்னும் இறுக்கிவிடும், பருப்பு வேக நேரமாகும். எங்கள் வீட்டில் பருப்புக்கு மட்டும் கேன் தண்ணீர் வைப்பது ஆடம்பரத்துக்காக இல்லை.

சரி, அளவுக்கு வருவோம். நான்கு பேருக்கு அரை கப், அதாவது ஏறக்குறைய 100 கிராம் துவரம்பருப்பு. அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றரை கப் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், இரண்டு சொட்டு எண்ணெய் சேர்த்துக் குக்கரில் நான்கைந்து விசில். ஆறியதும் மத்தால் கடைந்துகொள்ளுங்கள். விரலுக்கிடையில் பருப்பைத் தேய்த்தால் நடுவில் பொடிக்கல் தட்டக் கூடாது. தட்டினால் இன்னும் இரண்டு விசில் விடுங்கள். இப்போது விட்டுவிட்டால் பிறகு அது வேகப்போவதில்லை.

புளி, சிறிய எலுமிச்சம்பழ அளவு, 20 கிராம் போல. ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டி வையுங்கள். பழைய புளி கறுத்திருக்கும், நிறத்தையும் கறுப்பாக இறக்கும். வெயில் காலத் தொடக்கத்தில் வருகிற புதுப்புளி சிவந்திருக்கும். கரைத்ததை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து அளவு முடிவுசெய்வதுதான் நல்லது. எலுமிச்சை அளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும் எலுமிச்சை.

காய்களை வேகும் நேரப்படி மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பலாக்கொட்டை, கொத்தவரை மாதிரி தனியாக முன்கூட்டி வெந்துவிட வேண்டியவை ஒன்று. முருங்கைக்காய், முள்ளங்கி, காரட் போலப் பத்து நிமிடம் கேட்பவை இரண்டாவது. பரங்கிக்காய், கத்தரிக்காய் போலச் சில நிமிடங்களிலேயே இளகிவிடுபவை மூன்றாவது. வெண்டைக்காய் எந்தக் கூட்டத்திலும் சேராது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்று மருமகள் செய்யப் பார்த்தது பலாக்கொட்டை, முருங்கைக்காய், கத்தரிக்காய்ச் சாம்பார். பண்ருட்டிப் பலா இறங்குகிற மாதங்களில் எங்கள் பக்கத்து வீடுகளில் அடிக்கடி வைக்கிற சாம்பார் அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கடலூர் வந்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அடுப்பில் நின்றது அவள். அதை அப்படியே சொல்கிறேன்.

பலாக்கொட்டை பத்து. மேலே இருக்கும் வெள்ளைத் தோலை உரித்து இரண்டாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் தனியாக வேகவைத்தாள். திறந்த பாத்திரத்தில் இருபது நிமிடம் போலப் பிடித்தது. குக்கரில் இரண்டு மூன்று விசில் போதும். பருப்போடு சேர்த்துக் குக்கரில் வைக்கலாமே என்று கேட்டாள். வைக்கலாம், நானும் அவசரத்துக்கு வைப்பேன். ஆனால் பருப்புக்கு நாலைந்து விசில் விடும்போது கொட்டை விண்டு மாவாகிவிடும் சில நாள். தனியாக வைத்தால் நிறுத்துவது நம் கையில்.

அடி கனமான பாத்திரத்தில் கடைந்த பருப்பைப் போட்டு, இரண்டரை கப் தண்ணீர் ஊற்றி அடுப்பை ஏற்றினாள். பருப்பு கெட்டியாக இருக்கும்போது காயைப் போடக் கூடாது. கெட்டிப் பருப்பு அடியில் பிடிக்கும், மேலே தெறிக்கும், சூடு எல்லாக் காய்க்கும் ஒரே மாதிரி போகாது. கரண்டியில் மொண்டு ஊற்றினால் தண்ணீர் போல ஓட வேண்டும். இவ்வளவு நீர்த்திருக்கிறதே என்று பயம் வரும். பொடியில் இருக்கும் பருப்பு வகைகள் கொதியில் கெட்டிப்படுத்திவிடும், ஆறும்போது இன்னும் இறுகும். சாம்பாரை அடுப்பில் நாம் பார்க்க விரும்பும் பதத்தில் நிறுத்தினால், இலைக்கு வரும்போது அது கூட்டு.

பருப்புத் தண்ணீர் கொதித்ததும் ஒரு முருங்கைக்காயை விரல் நீளத் துண்டுகளாக்கிப் போட்டாள். கூடவே எண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்கிய பத்து சின்ன வெங்காயம், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், காய்க்கு மட்டுமான உப்பு. உப்பு இப்போதே போடுவதில் தவறில்லை. புளி போல அது காயைத் தடுக்காது, உள்ளே உப்பேறவும் இதுதான் நேரம். பாதி மூடிவைத்து மிதமான தீயில் எட்டு நிமிடம்.

எட்டாவது நிமிடத்தில் ஒரு துண்டை எடுத்துக் கரண்டி முதுகால் பாத்திரத்தின் ஓரத்தில் அமுக்கச் சொன்னேன். தோல் லேசாக விரிந்து உள்சதை தெரிய வேண்டும். ஆனால் அமுக்கியதை விட்டால் திரும்பவும் உருண்டைக்கு வர வேண்டும். அதுதான் முக்கால் பதம். தோல் விரியவே இல்லையென்றால் இன்னும் மூன்று நிமிடம். விரிந்து அப்படியே சப்பையாகிவிட்டால் முழுப் பதம், பிரேக் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். அவள் துண்டு அன்றைக்கு விரியவில்லை. முத்தல் காய். பதினோராவது நிமிடத்தில்தான் சரியாக வந்தது. கடிகாரத்தை விட அந்தக் கரண்டி முதுகை நம்புங்கள்.

அப்புறம்தான் மற்ற எல்லாம், கிட்டத்தட்ட ஒரே மூச்சில். நான்காகக் கீறிய மூன்று கத்தரிக்காய், வெந்த பலாக்கொட்டை, நறுக்கிய ஒரு தக்காளி, இரண்டு டீஸ்பூன் குவித்துச் சாம்பார்ப் பொடி, கரைத்த புளித்தண்ணீர். கத்தரிக்காய் இளகிய இனம் என்பதால் அதற்கு முன்னோட்டம் வேண்டாம். புளிப்பிலேயே பிறந்து வளரட்டும். வெறும் தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் குழைந்துவிடக்கூடிய காய், புளிப்பில் ஒன்பது பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும். அந்தப் பத்து நிமிடம் நமக்கு வேறொரு காரணத்துக்கும் தேவை.

பச்சைப் புளி வாசனை போவதற்கு ஏழெட்டு நிமிடக் கொதி வேண்டும். பொடியிலுள்ள தனியாவும் மிளகாயும் பருப்பும் வெந்து ஒன்றாவதற்கும் ஏறக்குறைய அதே நேரம். பொடியைக் கடைசியில் தூவி இறக்கினால் நாக்கில் மாவு படிந்தாற்போல ஒரு சுவை நிற்கும். அதனால்தான் புளியும் பொடியும் ஜோடியாக விழ வேண்டும் என்கிறேன். இரண்டின் கணக்கும் ஒன்று.

புளி போனதும் கொதி ஒருமுறை அடங்கும். திரும்பக் கொதித்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். ஓரங்களில் மட்டும் குமிழி வந்து உடைகிற அளவு போதும். தளதளவென்று கொதித்தால் கொதியே காய்களை மோதவிட்டு உடைக்கும். கத்தரிக்காய் உடைவதற்குப் பாதி நேரம் காரணம் வேகுதல் இல்லை, இந்த மோதல். கிண்டவும் கூடாது. அடிப்பிடிக்கிறதா என்று பார்க்க, அடியோடு சேர்த்துக் கரண்டியை ஒருமுறை மெதுவாக ஓட்டினால் போதும்.

பச்சை வாசனை போய்விட்டது என்று எப்படித் தெரியும்? மருமகள் கேட்டபோது நான் மூக்கைத்தான் காட்டினேன். புளி விழுந்த புதிதில் ஆவியில் முகத்தைக் காட்டினால் ஊறவைத்த புளியின் வாடை மூக்கை உறுத்தும், மேலே வெளிறிய நுரை கட்டும். ஆறேழு நிமிடம் கழித்து நுரை தானே அடங்கும், நிறம் மஞ்சளிலிருந்து செம்மண் பக்கம் நகரும், ஆவியில் புளி தனியாக வராமல் பொடியின் மணத்துக்குள் போய்விடும். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பாருங்கள். புளிப்பு நாக்கின் ஓரத்தைக் கடித்தால் இன்னும் ஆகவில்லை. புளிப்பு, உப்பு, காரம் மூன்றும் ஒன்றாக வந்து நின்றால் ஆகிவிட்டது. அன்று எங்களுக்குப் புளி விழுந்த ஒன்பதாவது நிமிடத்தில் ஆயிற்று. பெருங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லி போட்டு அணைத்து, கடுகும் வெந்தயமும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டி மூடினோம்.

மூடிவைத்த பிறகும் வேலை நடக்கிறது. கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். குழம்பின் உப்பும் புளிப்பும் காய்க்குள் இறங்குவது கொதியில் நடப்பதை விட இந்த அமைதியில் நன்றாக நடக்கும் என்பது என் அனுபவம். ஒன்று மட்டும் கவனம். நான் வில்லியனூர்ப் பக்கம் வாங்கிய மண்சட்டியில் வைப்பேன். அணைத்த பிறகும் அதில் ஐந்து நிமிடத்துக்குக் குமிழி வந்துகொண்டே இருக்கும். மண்சட்டிக்காரர்கள் கத்தரிக்காயை ஒரு கடி குறைவாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் அந்தக் கவலை இல்லை.

இப்போது தவறுகள். தக்காளியை முதலிலேயே வெங்காயத்தோடு வதக்கி, அதில் முருங்கைக்காயைப் போடுகிறவர்கள் நிறைய. தக்காளியும் புளிப்புதான், புளி அளவுக்கு இல்லை. ஒரு தக்காளியால் பெரிய கேடில்லை. மூன்று நாட்டுத் தக்காளியைக் குழைய வதக்கிவிட்டு முள்ளங்கி ஏன் வேகவில்லை என்று கேட்டால் பதில் வாணலியிலேயே இருக்கிறது. மாங்காய் போடுகிற நாளில் இன்னும் கவனம் வேண்டும். மாங்காய் தன் புளிப்பைக் குழம்பில் இறக்கும். அதைக் கத்தரிக்காயோடு கடைசிக் கூட்டத்தில் போட்டு, புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

புளி ஏற்கெனவே விழுந்துவிட்டது, காய் விறைத்து நிற்கிறது, என்ன செய்வது? அன்றிரவு போனில் மருமகளுக்குச் சொன்னது இதுதான். கண்கரண்டியால் முருங்கைக்காயையும் கொட்டையையும் அள்ளி, ஒரு தடவை அலசி, வேறு பாத்திரத்தில் புளியில்லாத கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போடு. கொட்டைக்கு மட்டும் குக்கர். வெந்ததும் திரும்பக் குழம்பில் சேர்த்து இரண்டு நிமிடம். ஒன்பதரை மணிக்கு மூவரும் சாப்பிட்டார்கள். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் உடனே வேகுமாமே என்று அவள் தோழி பின்னாலிருந்து சொன்னது கேட்டது. வேகும். புளிப்பைச் சாகடித்து, வெளிப்பக்கத்தைக் கூழாக்கி, வாயில் சோப்புச் சுவையும் தரும். வேண்டாம்.

தலைகீழாகவும் நடக்கும். காய் பதமாக வெந்துவிட்டது, புளி இன்னும் பச்சையாக இருக்கிறது. அப்போது காய்களை அள்ளி ஒரு தட்டில் வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் கொதிக்கவிட்டு, கடைசியில் சேருங்கள். இது அடிக்கடி நேர்ந்தால் சுலபமான வழி ஒன்று: புளித்தண்ணீரைப் பொடியோடு சின்னக் கிண்ணியில் தனியாக ஆறேழு நிமிடம் கொதிக்கவைத்துக்கொள்வது. வெறும் பரங்கிக்காய்ச் சாம்பார் வைக்கிற நாளில் நான் இதைத்தான் செய்வேன். பரங்கிக்காய்த் துண்டின் கூர்முனைகள் மழுங்கத் தொடங்கும்போது கொதித்த புளியை ஊற்றி, மூன்று நிமிடத்தில் இறக்கிவிடலாம். பரங்கிக்காயின் இனிப்பும் அதிலேயே நிற்கும்.

வெண்டைக்காய்க்கு எல்லாமே மாறும். அதை முன்னால் எண்ணெயில் கொழகொழப்பு அடங்கும் வரை வதக்கி, புளி கொதித்து வாசனை போன பிறகு கடைசி நான்கைந்து நிமிடத்துக்குப் போடுவது நல்லது. மிச்சமிருக்கும் கொழகொழப்பையும் புளிப்பு அடக்கும். முதலிலேயே பருப்புத் தண்ணீரில் போட்டால் சாம்பார் முழுக்க நூல் விடும்.

சில வீடுகளில் காயைப் புளியில்லாத தண்ணீரில் வேகவைத்து, புளி ஊற்றிக் கொதித்த பிறகு கடைசியில் பருப்பைச் சேர்ப்பார்கள். அதுவும் சரியான வழிதான். அடிப்பிடிக்கும் பயம் குறைவு. காய்க்குப் பருப்பின் சுவை கொஞ்சம் குறைவாக ஏறுகிறது என்று எனக்குத் தோன்றும். இரண்டிலும் புளிக்கும் காய்க்கும் உள்ள வரிசை மாறவில்லை என்பதைப் பாருங்கள்.

மிஞ்சியதை மறுநாள் காலை இட்லிக்குச் சூடாக்கும்போது பாத்திரம் முழுவதையும் அடுப்பில் வைக்காதீர்கள். வேண்டியதை மட்டும் கால் கப் வெந்நீர் விட்டு இளக்கி, ஒரே ஒரு கொதி. முருங்கைக்காயும் பலாக்கொட்டையும் அதைத் தாங்கும். கத்தரிக்காய் தாங்காது, அதை ராத்திரியே சாப்பிட்டுத் தீர்த்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.